குளியலறைக் கசிவு வேலையைக் கட்டம் பிரித்த ஒரு வாட்ஸ்அப் செய்தி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் நான்கு மாடி உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாவது மாடியில் ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அவர்கள் குளியலறைக் கூரையில் மழைக்காலம் போன பிறகும் ஈரம் காயவில்லை. சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்து, விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நேர் மேலே மூன்றாவது மாடியில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். கணவரின் தாயார் உடன் இருக்கிறார். கசிந்தது அந்தத் தாயாரின் அறையோடு சேர்ந்த குளியலறை.

குடியிருப்போர் சங்கத்தின் செயற்குழுவில் இருப்பதால் இரண்டு வீட்டாரும் என்னிடம் வந்தார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒப்பந்தக்காரரிடம் பேசியதும், இங்கே சொல்லப்போகும் செய்தியை எழுதியதும் மூன்றாவது மாடிப் பெண்மணிதான். அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

எங்கே கசிகிறது என்று பார்த்தது

கூரையில் ஈரம் என்றதும் தரையை உடைக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிட முடியாது. அழுத்தத்தில் தண்ணீர் ஓடும் குழாய் கசிந்தால் சிகிச்சை வேறு, தரை கசிந்தால் வேறு. அதனால் முதலில் அந்தக் குளியலறைக்கு வரும் கேட் வால்வை இரண்டு நாள் மூடி வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் குளியலறையை யாரும் பயன்படுத்தவில்லை. கீழே கூரையில் ஈரத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினோம். கோட்டைத் தாண்டி ஈரம் போகவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. குழாயும் மூடியிருந்தது, தரையிலும் தண்ணீர் விழவில்லை.

அடுத்து, வால்வு மூடியபடியே இருக்க, தரைத் தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பின் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, தரையில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் கட்டினார்கள். தண்ணீர் பக்கத்துக் குளியலறையிலிருந்து வாளியில் வந்தது. மறுநாள் காலை ஈரம் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஒரு சாண் விரிந்திருந்தது. ஆக, தரைதான். அதிலும் டிராப் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்துக்கு நேர் கீழேதான் ஈரம் அதிகம்.

அது சங்கன் ஸ்லாப். சுற்றியுள்ள தளத்தை விடக் குளியலறைத் தளம் முக்கால் அடி கீழே இறங்கியிருக்கும். அந்தக் குழியைச் செங்கல் துண்டும் கழிவும் போட்டு நிரப்பி மேலே ஓடு பதித்திருப்பார்கள். ஓட்டு இடுக்கு வழியாக இறங்குகிற தண்ணீர் அந்த நிரப்பலுக்குள் தேங்கி நிற்கும். மேலே இடுக்குகளுக்கு மட்டும் மருந்து அடைத்தால் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். நிரப்பலை முழுக்க எடுத்து, அடித்தளத்தில் நீர்க்காப்புப் பூச்சு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். அவர் சொன்னது சரி. அவருடைய தொழில் திறமை பற்றி கடைசிவரை யாருக்கும் புகார் இல்லை.

செய்திக்கு முந்தைய வாரம்

வேலையைப் போனில் பேசி முடிவு செய்தார்கள். முன்பணமும் கொடுத்தாயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வந்த பதில் ஒன்றே: “நாளைக்கு ஆள் வரும் மேடம்.” முதல் நாள் பெண்மணி விடுப்பு எடுத்துக் காத்திருந்தார், யாரும் வரவில்லை. மறுநாள் கணவர் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்தார், அன்றும் இல்லை. மூன்றாம் நாள் மதியம் ஒன்றே முக்காலுக்கு இரண்டு பேர் உளியும் சம்மட்டியுமாக வந்து, தாயாரிடம் சொல்லிவிட்டு உடைக்கத் தொடங்கினார்கள். எங்கள் சங்க விதிப்படி 1 மணி முதல் 3 மணி வரை உடைப்புச் சத்தம் கூடாது. கீழே ஆசிரியர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். தலைக்கு மேலே சம்மட்டி. இத்தனைக்கும் அவர் வீட்டுக் கசிவை நிறுத்தத்தான் இந்த வேலையே. காவலாளி போய் நிறுத்தினார். வந்தவர்கள் நான்கு ஓடுகளை மட்டும் பெயர்த்துவிட்டு, அடுத்த சைட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இதில் ஒப்பந்தக்காரரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே நேரத்தில் நாலைந்து சைட் ஓடும். காலையில் ஆட்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார். “நாளைக்கு ஆள் வரும்” என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆள் மிஞ்சினால் வரும். எந்த வீட்டுக்காரர் எந்த நேரத்தைக் கறாராகக் கேட்கிறாரோ, அந்த வீட்டுக்கு முதலில் ஆள் ஒதுக்கப்படும். கேட்காதவர் வீட்டுக்கு மிச்சம்.

அனுப்பிய செய்தி

சனிக்கிழமை மாலை பெண்மணி ஒப்பந்தக்காரரோடு அரைமணி நேரம் போனில் பேசி, எந்த வேலை எத்தனை நாள், இடையில் எவ்வளவு காய வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் இதை அனுப்பினார்:

> வணக்கம் அண்ணா. மூன்றாவது மாடி பாத்ரூம் வேலை. நேற்று போனில் பேசினபடி நாளும் நேரமும் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, மாற்ற வேண்டியது இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.
>
> முதல் கட்டம், உடைப்பு. புதன், வியாழன். இரண்டு பேர். காலை 10 மணிக்கு ஆரம்பம். உடைக்கும் சத்தம் 10 முதல் 1 வரை, 3 முதல் 5.30 வரை மட்டும். கழிவு மூட்டைகள் அன்றன்றைக்கே கீழே போய்விட வேண்டும். லிப்டில் ஏற்றக் கூடாது, படிக்கட்டுதான்.
>
> இரண்டாம் கட்டம், பிளம்பர். வெள்ளி காலை 9 மணி. பழைய டிராப்பை எடுத்துப் புதுசு வைத்து, தரைக்குள் போகும் குழாயை மாற்றி, பிரஷர் டெஸ்ட் செய்து எனக்குக் காட்ட வேண்டும். டெஸ்ட் முடியாமல் மேலே சிமெண்ட் வைக்கக் கூடாது. சனி காலை 9.30 மேஸ்திரி ஒருவர். குழாயைச் சுற்றி கிரவுட், மூலைகளில் கோவிங்.
>
> ஞாயிறு, திங்கள் வேலை இல்லை.
>
> மூன்றாம் கட்டம், வாட்டர்ப்ரூஃப். செவ்வாய் காலை 9.30 முதல் கோட். புதன் காலை 9.30 இரண்டாவது கோட். சனி காலை 10 மணிக்கு நாங்களே தண்ணீர் கட்டுகிறோம். திங்கள் காலை 10 மணிக்கு நீங்கள் நேரில் வந்து கீழ் வீட்டிலும் பார்க்க வேண்டும்.
>
> நான்காம் கட்டம், குழி நிரப்பி ஓடு பதிக்கிறது. தண்ணீர் டெஸ்ட் சரியாக வந்த பிறகு தேதி பேசுவோம்.
>
> ஒவ்வொரு வேலை நாளுக்கும் முந்தின நாள் இரவு 8 மணிக்குள் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, யார் யார், பொருள் வந்துவிட்டதா. வாய்ஸ் அனுப்பினாலும் சரி. 8 மணிக்குள் பதில் இல்லையென்றால் மறுநாள் வேலை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். கேட்டில் ஆளை விட மாட்டார்கள். நீங்கள் உறுதி சொன்ன பிறகு எங்களால் தடை வந்தால் வந்தவர்களுக்கு அரைநாள் கூலி நாங்கள் தருகிறோம்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “ஓகே மேடம். திங்கள் ஏன் வேண்டாம்?” பெண்மணி காரணம் எழுதினார். அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்த நேரங்கள் எப்படி வந்தன

உடைப்பின் நேரம் சங்க விதியிலிருந்து வந்தது. 10 மணிக்கு முன் சத்தம் கூடாது என்பதால் அதற்கு முன்னே ஆள் வந்தும் பயனில்லை. பிளம்பருக்கு 9 மணி கொடுத்ததற்கு இரண்டு காரணம். அவர் வேலையில் சம்மட்டி இல்லை. இன்னொன்று, வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். மாமியார் அதில் எதையும் தொடங்க விட மாட்டார் என்று பெண்மணிக்குத் தெரியும். 9 மணிக்கே கை வைத்துவிட்டால் அந்தப் பேச்சு எழாது. சிரிப்பு வரலாம். ஆனால் இந்த ஊரில் வேலை தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம், முன்கூட்டி யோசித்தால் தவிர்க்கலாம்.

திங்களை விட்டது ஆட்கள் வரவைப் பார்த்து. சனிக்கிழமை மாலை வாரக்கூலி பட்டுவாடா ஆகும். ஞாயிறு ஊருக்குப் போனவர்கள் திங்கள் காலையில் எல்லோரும் திரும்புவதில்லை. பூச்சு போன்ற வேலையில், தெரிந்த ஆள் வராமல் வேறு யாரையாவது அனுப்பிச் சமாளித்தால் கெட்டுப்போகும். அதோடு சனிக்கிழமை மூலைகளில் வைக்கும் கோவிங்குக்கும் இறுக நேரம் வேண்டும். சுவரும் தரையும் சேருகிற மூலையைக் கலவையால் வளைவாக நிரப்புவதுதான் கோவிங். நேர்மூலையில் பூச்சு மெல்லியதாக இழுபட்டு வெடிக்கும் என்பதற்காகச் செய்வது. ஞாயிறும் திங்களும் அது இறுகுவதற்குப் போயின. ஒப்பந்தக்காரருக்கும் திங்கள் கிடைத்ததில் வேறு சைட்டுக்கு ஆள் அனுப்ப வசதி.

பூச்சுக்குக் காலை 9.30 என்றது பொருளைப் பார்த்து. அது தூளும் திரவமும் தனித்தனியாக வரும் இரு பகுதிப் பொருள். கலந்த பிறகு, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். நேரம் தாண்டினால் வாளியிலேயே கெட்டியாகும். அதில் தண்ணீர் விட்டு இளக்குவது சைட்டில் சாதாரணமாக நடக்கிற தப்பு. பூசுவதற்கு முன் தளத்தைக் கூட்டிக் கழுவி, ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது என்ற பக்குவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கே ஒன்றரை மணி நேரம் போகும். மதியம் வந்தவர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய மாட்டார். வெளிச்சம் போவதற்குள் முடிக்கத்தான் பார்ப்பார்.

தண்ணீர் கட்டுவதைச் சனிக்கிழமைக்கு வைத்ததும் கணக்குப் பார்த்துத்தான். புதன் இரண்டாவது கோட் முடிந்து மூன்று நாள் காய வேண்டும். 48 மணி நேரம் தண்ணீர் நிற்கும்போது வேலையாள் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அதற்குள் விழுந்தால் ஒரு வேலை நாளும் வீணாகாது.

முதல் இரண்டு கட்டங்கள்

செவ்வாய் இரவு 7.40க்குப் பதில் வந்தது: “காலை 10, ரெண்டு பேர், சாக்கு இருக்கு.” புதன் காலை 9.50க்கு இருவரும் கேட்டில் நின்றார்கள். ஆனால் உளி ஓட்டில் பட்டபோது மணி 10.40. பதிவேட்டில் பெயர் எழுத, கைப்பேசி எண் கொடுக்க, லுங்கி மாற்ற, பக்கெட் தேட என்று முக்கால் மணி நேரம் போயிற்று. அன்று இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

உடைப்பு வியாழன் மாலை முடிந்தது. நிரப்பல் முழுவதும் ஈரம். கடைசி அடுக்கில் செங்கல் துண்டுகள் சேறாகக் கையில் ஒட்டின. அடித்தளம் தெரிந்ததும் காரணமும் தெரிந்தது. டிராப் இறங்கும் துளையைச் சுற்றி வெறும் சிமெண்டைப் பூசி விட்டிருந்தார்கள். அது சுருங்கி, குழாயைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு வளையமாக இடுக்கு விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பிளம்பர் 9.10க்கு வந்தார். குழாய் மாற்றி, கைப் பம்பால் 7 கிலோ வரை அழுத்தம் ஏற்றி விட்டார். பத்து நிமிடத்தில் முள் இறங்கியது. குழாய்க்குள் காற்று நின்றிருக்கிறது என்று சொல்லி, மேலே உள்ள குழாய் வாயைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை வெளியேற்றி மறுபடி ஏற்றினார். இந்த முறை ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. பெண்மணி அலுவலகத்தில் இருந்தார். ஆரம்பத்திலும் முடிவிலும் முள்ளைப் படம் எடுத்து அனுப்பினார் கணவர். செய்தியில் “எனக்குக் காட்ட வேண்டும்” என்று இருந்ததால் பிளம்பரும் அந்த ஒரு மணி நேரம் காத்திருந்தார். இல்லாவிட்டால் முதல் முறை முள் இறங்கியதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை அந்த இடுக்கை அடைக்கும் கிரவுட்டும், கோவிங்கும் முடிந்தன. சொல்ல வேறொன்றும் இல்லை.

புதன்கிழமை நடந்தது

செவ்வாய் முதல் கோட் நன்றாக முடிந்தது. அன்று மாலை ஆறு மணிக்குப் பதில் வந்தது: “நாளைக்கும் வருவாங்க மேடம்.” நேரம் இல்லை, பெயர் இல்லை, பொருளைப் பற்றிப் பேச்சில்லை. பெண்மணி எழுதினார்: “அண்ணா, எத்தனை மணிக்கு? யார் யார்? பொருள் புது பாக்கெட்டா?” இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இரவு 8.15க்கு ஒரே வரி அனுப்பினார்: “பதில் வரவில்லை, நாளை வேலை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். வியாழன் 9.30க்கு வைத்துக்கொள்வோம்.” காவலாளியிடமும் சொல்லிவிட்டார்.

புதன் காலை 11.30க்கு இரண்டு பேர் கேட்டில் வந்து நின்றார்கள். ஒருவர் முந்தின நாள் வந்தவர், மற்றவர் புதியவர். கையில் முந்தின நாள் பிரித்த பாக்கெட்டின் மிச்சமும் கால் கேன் திரவமும் இருந்தன. காவலாளி எனக்குப் போன் செய்தார். நான் பெண்மணியை அழைத்தேன்.

வீட்டிலேயே அபிப்பிராய பேதம். கணவர், “வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொண்டு வேலையையே விட்டுவிடுவார். உள்ளே விடுவோம்” என்றார். தாமதத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பெண்மணி மறுத்ததற்குக் காரணம் அந்த மிச்சப் பாக்கெட். இரு பகுதிப் பொருளில் தூளுக்கும் திரவத்துக்கும் எடைக் கணக்கு இருக்கிறது. முழுப் பாக்கெட்டும் முழுக் கேனும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு தானாகச் சரியாக வரும். பிரித்த மிச்சத்தைக் கண் மதிப்பில் கலந்தால், திரவம் குறைந்து பூச்சு வெடிக்கலாம், கூடினால் மென்மையாகவே நிற்கலாம். ஒரு இரவு திறந்து கிடந்த தூள் காற்று ஈரத்தைக் குடித்தும் இருக்கும். இன்னொரு சந்தேகமும் இருந்தது: முதல் கோட் போட்டு ஒரு நாள் தள்ளினால் இரண்டாவது கோட் ஒட்டுமா? முந்தின நாள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார். ஒரு நாள் தள்ளிப் போடுவதில் தடை எதுவும் அதில் இல்லை. தூசி துடைத்து லேசாக நனைத்துவிட்டுப் போட்டால் போதும் என்று தெரிந்தது. அதனால் நிறுத்தினார்.

ஒப்பந்தக்காரர் போனில் கோபப்பட்டார். “ரெண்டு ஆள் கூலி எனக்கு நஷ்டம் மேடம்.” பெண்மணி அமைதியாகவே சொன்னார்: “அண்ணா, நேற்று 8.15க்கே எழுதிவிட்டேன். நீங்கள் உறுதி சொல்லியிருந்தால் கூலி நான் கொடுத்திருப்பேன்.” வந்த இருவருக்கும் டீக்கும் பஸ்ஸுக்கும் பணம் கொடுத்து அனுப்பினார். அது செய்தியில் இல்லாத செலவு. எனக்கு அது சரியாகவே பட்டது. தப்பு அந்த இருவருடையது அல்ல.

மாலை 6.50க்கு ஒப்பந்தக்காரரிடமிருந்து வாய்ஸ் வந்தது. காலை 9.30, இரண்டு பேர், பெயர்கள், புது பாக்கெட் ஒன்று கடையிலிருந்து நேராக வரும். வியாழன் 9.25க்கு வந்தார்கள். முதல் கோட் போட்ட திசைக்குக் குறுக்காக இரண்டாவது கோட் போட்டார்கள். தரையில் மட்டுமல்ல, சுவரில் ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் ஆள் உயரம்.

தண்ணீர் கட்டிப் பார்த்தது

ஒரு நாள் தள்ளியதால் தண்ணீர் கட்டுவது சனியிலிருந்து ஞாயிறு காலை 10 மணிக்கு மாறியது. முடிவு செவ்வாய் காலை 10. இந்த மாற்றத்தைப் பெண்மணி புதன் மாலையே ஒப்பந்தக்காரருக்கும் கீழ் வீட்டு ஆசிரியருக்கும் எழுதிவிட்டார். ஆசிரியர் திங்கள் காலை மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது, அதனால் அவருக்கும் செவ்வாய்தான் தோது.

டிராப்பை அடைத்து, குழியில் நான்கு விரல் உயரம் தண்ணீர் நிறுத்தி, சுவர்ப் பூச்சின் மீது பென்சிலால் மட்டம் குறித்தார்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டார் கணவர். இரண்டு நாளில் தண்ணீர் காற்றிலும் கொஞ்சம் குறையும். குழியில் குறைந்ததும் வாளியில் குறைந்ததும் ஒரே அளவு என்றால் கசிவில்லை. குழியில் மட்டும் கூடுதலாக இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். கதவைச் சாத்தி வைத்தார்கள். கீழே பழைய சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் புது கோடு, புது தேதி.

செவ்வாய் 10 மணிக்கு ஒப்பந்தக்காரர் நேரில் வந்தார். வாளியிலும் குழியிலும் குறைவு ஒரு நூல் அளவுதான், இரண்டும் ஒன்று. கீழ் வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறி, டிராப்புக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தார். ஈரம் கோட்டுக்குள்ளேயே நின்றது. பழைய ஈரம் உடனே காயாது. இரண்டு மாதமாவது விட்டுவிட்டு அப்புறம் கூரைக்குப் பூசலாம் என்று ஆசிரியரிடம் அவரே சொன்னார். கூரைச் செலவை மூன்றாவது மாடிக்காரர் ஏற்றுக்கொண்டார்.

மீதி வேலையும் பணமும்

நான்காம் கட்டத்துக்குத் தனிச் செய்தி போனது, அதே அமைப்பில். குழியை எடை குறைந்த ஏஏசி கல் துண்டுகளால் நிரப்பி, மேலே டிராப்பை நோக்கிச் சரிவு கொடுத்துக் காங்கிரீட், அதற்கு மேலும் ஒரு பூச்சு, பிறகு ஓடு. காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு ஆறவிடும் நாட்களில் வருகை ஒன்றும் இல்லை என்று எழுதியே வைத்தார்கள். ஓடு பதித்த மறுநாள் ஓட்டின் மீது நடக்காமல், அதற்கு அடுத்த நாள் இடுக்கு நிரப்பினார்கள். இந்தக் கட்டத்தில் எல்லா இரவும் 8 மணிக்குள் பதில் வந்தது. ஒரு முறை ஒப்பந்தக்காரர் தானாகவே “நாளைக்கு ஓட்டுக்காரர் வரலை, வெள்ளி வச்சுக்கலாம்” என்று மாலை ஐந்து மணிக்கே எழுதினார். பெண்மணி அன்று எடுக்கவிருந்த விடுப்பை எடுக்கவில்லை.

பணத்தையும் கட்டங்களோடு கட்டியிருந்தார்கள். முன்பணத்துக்குப் பிறகு இரண்டாவது தவணை பிரஷர் டெஸ்ட் முடிந்ததும், மூன்றாவது தண்ணீர் டெஸ்ட் முடிந்ததும், மிச்சம் ஓடு முடிந்ததும். சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு ஒப்பந்தக்காரருக்குக் கையில் பணம் வேண்டும் என்பதால், இரண்டாவது தவணையை வெள்ளி மாலையே அனுப்பினார்கள். அடுத்த வாரப் புதன்கிழமைக் கோபம் இரண்டு நாளில் அடங்கியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

“10 மணிக்கு ஆரம்பம்” என்றால் கேட்டில் நிற்பதா, உளி தொடுவதா? புதன் காலை அந்த முக்கால் மணி நேரம் போனது இந்தக் குழப்பத்தில்தான். உடைப்பு நேரமே ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம்தான் என்னும்போது முக்கால் மணி பெரிய இழப்பு. இப்போது எங்கள் குடியிருப்பில் இரண்டு நேரமும் எழுதச் சொல்கிறோம்: கேட்டில் 9.15, வேலை 10. வருகிறவர்களின் பெயரை முந்தின இரவே காவலாளிக்கு அனுப்பிவிட்டால் பதிவேட்டிலும் நேரம் போகாது.

செய்தியின் நீளமும் பிரச்சினைதான். ஒப்பந்தக்காரர் அதை அப்படியே மேஸ்திரிக்கும் பிளம்பருக்கும் பூச்சுக்காரருக்கும் பார்வர்டு செய்திருக்கிறார். பூச்சுக்காரர் உடைப்பைப் பற்றிய முதல் பத்தியைப் படித்துவிட்டு, இது தனக்கில்லை என்று மூடிவிட்டார். புதன்கிழமை புதிய ஆள் எந்தத் தகவலும் தெரியாமல் வந்தது இதனால்தான். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிச் செய்தியாக அனுப்பினால், அந்தந்த ஆளுக்கு அதை மட்டும் தள்ளிவிடலாம்.

“பொருள் வந்துவிட்டதா” என்ற கேள்வியும் போதவில்லை. மிச்சப் பாக்கெட்டும் பொருள்தானே என்று ஒப்பந்தக்காரர் பிறகு கேட்டார், அதில் தவறில்லை. பூச்சு நாட்களுக்கு, பிரிக்காத பாக்கெட்டும் கேனும் சேர்ந்த படம் ஒன்று முந்தின இரவே வர வேண்டும் என்று எழுத வேண்டும்.

எட்டு மணிக் கெடுவை ஏழாக்கலாமா என்று பேசினோம். ஒப்பந்தக்காரரைக் கேட்டபோது வேண்டாம் என்றார். சைட்டுகளிலிருந்து ஆட்கள் திரும்பி, மறுநாளுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரிவது ஏழரை மணிக்கு மேல்தானாம். எட்டாகவே இருக்கிறது.